எங்க பை எங்க?

கேள்வி: தி.நகர்ல ஸ்கூல் பேக் கடை வச்சிருக்கோம். ஜூன்ல ஸ்கூல் திறக்குறதுக்கு முன்னாடி டீனேஜ் பசங்களுக்காக ஒரு ஃப்ளெக்ஸும் ஒரு ரீல்ஸும் போடணும். டிசைன் பண்ற தம்பி "டேய் மச்சி, எங்க பை வாங்குனா கெத்து தான்டா"ன்னு எழுதிட்டு வந்தான். எங்க அப்பா அதப் பாத்து கோவப்பட்டு "மாணவச் செல்வங்களே, எங்கள் பைகளை வாங்கிப் பயன்பெறுவீர்"னு மாத்திட்டாரு. எது சரி?
(பைக்கடைக்காரர், தி.நகர்)

பதில்: ரெண்டும் வேணாங்க.

அப்பாவோடத முதல்ல முடிச்சிடுவோம், அதுல பேச அதிகம் இல்ல. "பயன்பெறுவீர்"ங்கற வார்த்தைய ஒரு பதினஞ்சு வயசுப் பொண்ணு எங்க கேட்டிருக்கும்? மைக் கட்டிட்டு தெருவுல போற ஆட்டோல கேட்டிருக்கும், இல்லன்னா தமிழ் பரீட்சைக்குப் படிச்சிருக்கும். ரெண்டுமே அதுக்குப் பை வாங்கற மூடைக் குடுக்காது. ஒண்ணு சொல்லணும், பசங்க செந்தமிழ வெறுக்கறாங்கன்னு நெனச்சிடாதீங்க, ஃப்ரெண்ட கலாய்க்கணும்னா "நண்பரே, தாங்கள் உணவருந்தி விட்டீர்களா"ன்னு அவங்களே ஆரம்பிப்பாங்க. அதாவது அவங்களுக்கு அது காமெடிக் குரல். நீங்க சீரியஸா எழுதினாலும் அவங்க காதுல காமெடியாத்தான் விழும்.

தம்பியோடதுலதான் விஷயம் நிறைய இருக்கு. மச்சி, டா எல்லாம் பசங்க அவங்களுக்குள்ள பேசிக்கறது, கடை வந்து "டேய்"னா அது கல்யாண வீட்டுல சித்தப்பா வந்து தோள்ல கை போட்டு "என்னடா ப்ரோ"ன்னு கேக்கற மாதிரி இருக்கும். அதுவுமில்லாம பொண்ணுங்களும் உங்க கஸ்டமர்தான, அவங்களுக்குள்ள டா போட்டுக்கறாங்கங்கறது வேற, கடை போடறது வேற. கெத்து மாதிரி வார்த்தைக்கு ஆயுசு கம்மி. ரீல்ஸ்ல போட்டா நாலு நாள்ல எல்லாரும் மறந்துடுவாங்க, ஃப்ளெக்ஸ்ல போட்டா அது வெயில்ல வெளுத்துக் கிழியற வரைக்கும் அங்கதான் தொங்கும்.

இதெல்லாம் கூட ரசனைன்னு விட்டுடலாம். "எங்க பை"ய விட முடியாது. சத்தமாப் படிச்சா குழப்பமே இல்ல, குரல் ஏறி எறங்கறதுல புரிஞ்சிடும். கண்ணால படிச்சா அது "எங்கள் பை"யா "எங்கே பை"யா? சிக்னல்ல பச்சை விழறதுக்குள்ள படிக்கறவனுக்கு, பை தொலைஞ்சு போச்சு போலன்னுதான் தோணும்.

பேச்சுத்தமிழ பேப்பர்ல ஏத்தும்போது வர்ற நிஜமான சிக்கல் இதுதான். பேசும்போது நாம கடைசி எழுத்த முழுங்கிடறோம், எழுத்துத்தமிழ்ல அந்தக் கடைசி எழுத்துலதான் பாதி அர்த்தம் இருக்கு. "வந்தா"ன்னு எழுதினா அது வந்தாளா, வந்தாலா? "இருக்கே"ன்னா நீ இருக்கியா, இல்ல அட இங்க இருக்கேன்னு ஆச்சரியமா? "வாங்க"ன்னா உள்ள வரச் சொல்றீங்களா, காசு குடுத்து வாங்கறதப் பத்தி பேசறீங்களா? (இத வச்சு "வாங்க, வாங்க வாங்க"ன்னு சிலேடை பண்றது ரொம்பப் பழசு, உங்க தம்பிகிட்ட சொல்லி வைங்க.) நாங்களே ஒரு தடவ பத்திரிகை அட்டைல "அவ வந்தா..."ன்னு ஒரு தலைப்பு வச்சோம், அவள் வந்தால் என்னாகும்னு நாங்க நெனச்சு வச்சது, அவள் வந்துட்டான்னு படிச்சவங்க கதை எங்கன்னு உள்ள தேடினாங்க.

ஸ்பெல்லிங் இன்னொரு தலவலி. பண்றேன், பண்ணுறேன், பன்றேன், மூணையும் எழுதறவங்க இருக்காங்க, மூணாவது பன்றிக்கு ரொம்பப் பக்கத்துல நிக்குது. ஸ்கூல்ல எழுத்துத்தமிழ்தான சொல்லிக் குடுக்கறாங்க, அதனால பேச்சு வார்த்தைய அச்சுல பாத்தா பசங்க கண்ணு ஒரு நொடி தட்டும், மனசுக்குள்ள வாய்விட்டுப் படிச்சப்புறம்தான் புரியும். வாட்ஸப்ல அவங்க இங்கிலீஷ் எழுத்துல தமிழ் டைப் பண்றப்போ இந்தப் பிரச்சனை அவ்வளவா தெரியறதில்ல, அங்க யாரும் சரி தப்பு பாக்கறதில்ல. உங்க போர்டுல பாப்பாங்க.

அப்ப என்ன பண்றதுன்னா, பேசினாலும் எழுதினாலும் ஒரே மாதிரி இருக்கற வரியாத் தேடணும். தமிழ்ல அது நிறையவே இருக்கு. "-ஆது"ல முடியற மறுப்பு பெரும்பாலும் ரெண்டு பக்கமும் ஒண்ணுதான்: கிழியாது, வலிக்காது, நனையாது. "கிழிகிறது"க்கும் "கிழியுது"க்கும் நடுவுலதான் சண்டை, "கிழியாது"ல சண்டையே கிடையாது. அப்புறம் வினைச்சொல்லே இல்லாத வரி. "இது என் பை" செந்தமிழா, பேச்சா? ரெண்டும்தான். விகுதி வினைச்சொல்லோட வாலுலதான தொங்குது, வினையே இல்லன்னா எந்த விகுதி போடறதுங்கற கேள்வியும் இல்ல.

உங்க பைக்கு இப்படிப் போடலாம்:

எட்டு புக். ஆறு நோட். ஒரு டிபன் பாக்ஸ்.
தையல் பிரியாது. தோள் வலிக்காது.

இதுல எந்த வார்த்தையையும் அப்பா கொச்சைன்னு சொல்ல முடியாது, எந்தப் பையனும் பாடப்புத்தகம்னு சொல்ல முடியாது. ஃப்ளெக்ஸ்லயும் இடம் மிச்சம், "தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள்"னு ஒத்த வார்த்தை போட்டாலே ஒரு வரி போயிடும், இல்லன்னா எழுத்தச் சின்னதாக்கணும்.

வினை போட்டே ஆகணும்ங்கற எடத்துல, கூப்பிடற வரில, "-ங்க" போடுங்க: "கடைக்கு வாங்க", "போட்டுப் பாருங்க". மரியாதையும் இருக்கு, பேச்சும் இருக்கு, காசு குடுக்கப் போற அம்மாவுக்கும் அதே வரி பொருந்தும். மெட்ராஸ் பாஷை, கோயம்புத்தூர் பாஷைன்னு இறங்காதீங்க, சினிமாலயும் டிவிலயும் எல்லா ஊரும் புரிஞ்சுக்கற பொதுப் பேச்சு ஒண்ணு இருக்கே, அது போதும். வார்த்தையோட வேரை எழுத்துத்தமிழ்ல இருக்கற மாதிரியே விட்டுட்டு வால மட்டும் மாத்தினா கண்ணு தட்டாது. ரெண்டு அர்த்தம் வர்ற எடத்துல முழுசா எழுதிடுங்க, "எங்கள்" ஒண்ணும் அசிங்கமான வார்த்தை இல்ல.

கீழ பொடி எழுத்துல போடற கேரண்டி வரி மட்டும் முழு எழுத்துத்தமிழ்ல இருக்கணும். "தையல் பிரியாது"ன்னு மேல தைரியமா சொல்லிட்டீங்க, பிரிஞ்சா ஒருத்தர் பில்லோட வந்து நிப்பாரு. "பிரிஞ்சா பாத்துக்கலாம்"னு பேச்சுல எழுதியிருந்தா, என்ன பாத்துக்கறதுன்னு அவர் ஒண்ணு சொல்வாரு நீங்க ஒண்ணு சொல்வீங்க. "வாங்கிய நாளிலிருந்து 6 மாதத்துக்குள் தையல் பிரிந்தால், ரசீதுடன் வந்தால் இலவசமாகச் சரிசெய்து தரப்படும்"னு போடுங்க. 6 மாசமா 3 மாசமாங்கறது உங்க தையல்காரரக் கேட்டு முடிவு பண்ணுங்க, எங்கள இல்ல.

ரீல்ஸ் வேற கதை, அது காதுக்கு. அங்க பேச்சுத்தமிழ்தான், யோசிக்கவே வேணாம். ஆனா எழுதிக் குடுத்து படிக்க வைக்காதீங்க, பத்தாவது படிக்கற ரெண்டு பேர் கைல பையக் குடுத்து, ஃப்ரெண்டுகிட்ட சொல்ற மாதிரி சொல்லச் சொல்லி ஃபோன ஆன் பண்ணி வைங்க. மச்சியும் டாவும் அவங்க வாயில வந்தா வரட்டும், அவங்களுக்கு அந்த உரிமை இருக்கு. சப்டைட்டில் போட்டா அவங்க பேசினதயே போடுங்க, காதுல "வலிக்கல"ன்னு கேக்கும்போது கண்ணுல "வலிக்கவில்லை"ன்னு ஓடினா டப்பிங் படம் மாதிரி ஆயிடும்.

ஃப்ளெக்ஸ பிரிண்டுக்கு அனுப்பறதுக்கு முன்னாடி, பக்கத்துத் தெருவுல டியூஷன் முடிஞ்சு வர்ற பசங்க மூணு பேர்கிட்ட தனித்தனியா நீட்டி, ஒண்ணும் சொல்லாம வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்க. எந்த வார்த்தைல நின்னு திரும்பப் படிக்கறாங்களோ அத மாத்துங்க. சிரிச்சாங்கன்னா எதுக்குச் சிரிச்சாங்கன்னு கேளுங்க, அப்பா அப்ப பக்கத்துல இல்லாம இருந்தா நல்லது.