ஒரு மார்க் கேள்விக்குத் தவறான விடைகளை எழுதுவது: கேள்வி பதில்

ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். சரியான விடை கையில் இருக்கிறது. மற்ற மூன்றை எங்கிருந்து பிடிப்பது?

பிள்ளைகளிடமிருந்துதான். அதே கேள்வியை ஆப்ஷன் இல்லாமல் ஒரு வகுப்புக்குக் கொடுங்கள். துண்டுச்சீட்டில் விடை மட்டும் எழுதட்டும். திரும்பத் திரும்ப வரும் தப்புகளைப் பொறுக்கி, எழுதியவர்களில் இரண்டு பேரையாவது கூப்பிட்டு 'எப்படிப் போட்டாய்?' என்று கேளுங்கள்.

ஒரு கேள்வியைப் பார்ப்போம். எது மிகப் பெரியது: 0.8, 0.35, 0.125, 0.09? பார்க்க நல்ல கேள்விதான். ஆனால் 'புள்ளிக்குப் பிறகு இலக்கம் குறைவாக இருந்தால் எண் பெரியது' என்று தப்பாக நினைக்கும் பையனும் 0.8 என்று சொல்லி மார்க் வாங்கிவிடுவான். 0.35-ஐத் தேர்ந்தெடுக்க எந்தப் பிள்ளைக்கும் காரணம் இல்லை. அது செத்த ஆப்ஷன்.

இதையே 0.5, 0.63, 0.409, 0.08 என்று மாற்றினேன். விடை 0.63. இலக்கம் கூடினால் பெரியது என்பவன் 409-ஐப் பார்த்து 0.409 என்பான். குறைந்தால் பெரியது என்பவன் 0.5 என்பான். புள்ளியை அடுத்த பூஜ்ஜியத்தைக் கண்டுகொள்ளாதவன் 0.08-ஐ 0.8 என்று வாசித்து அதைத் தேர்ந்தெடுப்பான். இப்போது ஒவ்வொரு தவறான விடைக்கும் ஒரு சொந்தக்காரன் இருக்கிறான். விடைத்தாளைத் திருத்தும்போதே யாருக்கு எதைத் திரும்பச் சொல்லித்தர வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

நெகட்டிவ் மார்க் வைத்தால் போதாதா? குருட்டாம்போக்கில் போடுகிறவன் தானாக நிறுத்திவிடுவானே.

ஓரளவுக்குச் சரி. நீட் தேர்வையே எடுங்கள்: சரிக்கு 4, தவறுக்கு 1 கழிவு. நான்கு கேள்விகளைக் கண்ணை மூடிக்கொண்டு போட்டால் சராசரியாக ஒன்று சரி, மூன்று தவறு. 4 வந்து 3 போகிறது, 1 மிஞ்சுகிறது. ஆக, அங்கேயே குருட்டுக்குக் கொஞ்சம் லாபம் உண்டு. இரண்டு ஆப்ஷன் செத்தவையாக இருந்தால் ஒவ்வொரு கேள்விக்கும் சராசரி ஒன்றரை மார்க். கழிவு எவ்வளவு வைத்தாலும், ஆப்ஷன் மோசமாக இருந்தால் அதன் பிடி தளர்ந்துவிடும்.

குரூப் 4 எழுதப் போகிறேன். தெரியாத கேள்விக்கு B போடுவது நல்லதா, C-யா?

இங்கே பேசுவது கேள்வி எழுதுவதைப் பற்றி. பயிற்சிக் குழுவில் கேளுங்கள்.

சமூக அறிவியலில் பிள்ளை எப்படித் தப்புப் போடுவான் என்று எப்படித் தெரியும்?

அங்கே தப்புக் கணக்கு இல்லை, குழப்பம்தான் இருக்கிறது. வேலூர்ப் புரட்சி நடந்த ஆண்டு 1806. எதிரே 1526, 1947 என்று வைத்தால் படிக்காதவனும் ஒதுக்கிவிடுவான். கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட 1799, மருது சகோதரர்களின் 1801, பெரும்புரட்சியின் 1857 ஆகியவற்றை வையுங்கள். பாடத்தை மேலோட்டமாகப் படித்தவன் இவற்றுக்குள்தான் குழம்புவான். அப்புறம், சரியான விடையை மட்டும் நீட்டி முழக்கி எழுதாதீர்கள். நீளத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்கள்.

நாலாவது ஆப்ஷன் கிடைக்காதபோது 'மேற்கண்ட அனைத்தும்' போடலாமா?

வேண்டாம். இரண்டு சரி என்று தெரிந்தாலே மூன்றாவதைப் படிக்காமல் அதைப் போட்டுவிடலாம்.

அப்படியானால் மூன்று ஆப்ஷனோடு நிறுத்திவிடலாமே?

நிறுத்தலாம். யாரும் தொடாத நான்காவதைவிட உயிருள்ள மூன்று மேல்.

ஒப்புக்கொள்ள மாட்டேன். பயிற்சி மையம் நடத்துகிறேன். மூன்று என்றால் குருட்டுக்கு மூன்றில் ஒன்று. இது சலுகை இல்லையா?

நான்காவது செத்ததாக இருந்தால் இப்போதும் மூன்றில் ஒன்றுதானே?

ஒன்றுமே தெரியாதவனுக்கு செத்தது எது என்றும் தெரியாது. அவனுக்கு நான்கு நான்குதான்.

இது நியாயமான வாதம். முழுக்கத் தெரியாதவனை நான் கணக்கில் எடுக்கவில்லை. ஆனால் என் வகுப்பில் அப்படிப்பட்டவர்கள் குறைவு, அரைகுறையாகத் தெரிந்தவர்களே அதிகம். மூன்று ஆப்ஷன் என்றால் அதே நேரத்தில் கூடுதலாகச் சில கேள்விகள் கேட்கலாம், கேள்வி கூடக்கூட அதிர்ஷ்டத்தின் பங்கு குறையும். பத்துக் கேள்வித் தேர்வென்றால் நீங்கள் சொல்வதுபோல் நான்கே இருக்கட்டும்.

நான் எழுதிய ஆப்ஷன் நல்லதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

எத்தனை பேர் எதைப் போட்டார்கள் என்று எண்ணுங்கள். நூற்றில் ஐந்து பேர்கூடப் போடாததை மாற்றுங்கள். அடுத்து, முதல் மதிப்பெண் வாங்குகிறவர்களையும் கடைசியில் இருப்பவர்களையும் தனித்தனியாக எண்ணுங்கள். தவறான விடை பின்தங்கியவர்களை இழுக்க வேண்டும். நன்றாகப் படிப்பவர்களை இழுத்தால் கோளாறு கேள்வியில்தான். 'எது இணைகரம்?' என்று படங்களோடு ஒருமுறை கேட்டேன். தவறான விடைகளில் ஒன்றாகச் சதுரத்தை வைத்திருந்தேன். நன்றாகப் படிக்கிற நான்கு பேர் சதுரத்தைப் போட்டிருந்தார்கள். சதுரமும் இணைகரம்தான். அவர்களுக்கு மார்க் கொடுத்தேன், கேள்வியை எடுத்துவிட்டேன்.

'இவற்றில் எதுவுமில்லை' போடலாமா?

மேலே 'அனைத்தும்' பற்றிச் சொன்னதைப் பாருங்கள். இதற்குக் காரணம் வேறு, ஆனால் இதுவும் வேண்டாம். அதைச் சரியாகப் போட்டவனுக்கு உண்மையான விடை தெரியுமா என்பது உங்களுக்குத் தெரியாமலே போய்விடும்.