பெற்றவர்கள் பாட ஒரு பாட்டு

கேள்வி: எங்கள் கடைசி மகள் கோவையில் கல்லூரி விடுதியில் சேர்ந்து ஒரு மாதம் ஆகிறது. சாயந்திரம் ஆறு மணிக்கு மேல் வீட்டில் இருக்கவே முடியவில்லை. பாட்டுப் போட்டால் எல்லாம் காதலர் பிரிவாகவே இருக்கிறது. பெற்றவர்கள் பாடுவதற்கென்று தமிழில் பாட்டே கிடையாதா? எனக்குச் சங்கீதம் தெரியாது, சுமாராகப் பாடுவேன்.
– ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: கிடையாது என்று யார் சொன்னது? ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக இருக்கிறது. உங்கள் ஊரிலிருந்து அதிக தூரம் இல்லாத ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்த பாட்டு அது. நாலாயிர திவ்யப் பிரபந்தத்தின் தொடக்கத்திலேயே பெரியாழ்வார் திருமொழி வரும். அதில் மூன்றாம் பத்து, எட்டாம் திருமொழியை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் பத்துப் பாட்டு. கண்ணன் பின்னே போய்விட்ட மகளை நினைத்து, வெறும் வீட்டில் நின்று தாய் பேசுகிறாள். பாடியவர் ஆண், ஆண்டாளை வளர்த்த தகப்பன். ஆகவே உங்கள் வீட்டுக்காரரும் கூச்சமில்லாமல் கூடப் பாடலாம்.

முதல் பாட்டு இது:

நல்லதோர் தாமரைப் பொய்கை நாண்மலர் மேல்பனி சோர
அல்லியும் தாதும் உதிர்ந்திட்டு அழகழிந் தாலொத்த தாலோ
இல்லம் வெறியோடிற் றாலோ என்மகளை எங்கும் காணேன்
மல்லரை அட்டவன் பின்போய் மதுரைப் புறம்புக்காள் கொல்லோ.

பனி விழுந்து இதழும் தாதும் உதிர்ந்த தாமரைக் குளம் போல வீடு கிடக்கிறதாம். குளம் அப்படியேதான் இருக்கிறது, தண்ணீரும் வற்றவில்லை, பூவின் அழகு மட்டும் போய்விட்டது. நாம் இன்று ‘வெறிச்சோடிக் கிடக்கிறது’ என்கிறோமே, அதற்குப் பக்கத்துச் சொல்தான் ‘வெறியோடிற்று’. ‘மதுரைப்புறம்’ என்பது கண்ணன் ஊரான வடமதுரைப் பக்கம், நம் மதுரை அல்ல.

இந்தப் பாட்டில் கவனிக்க வேண்டியவை இரண்டு ஒலிகள். இரண்டாம் அடியில் ஒரு முறையும் மூன்றாம் அடியில் ஒரு முறையும் ‘ஆலோ’ வருகிறது. அது புலம்பல். நான்காம் அடி முடியும்போது அது ‘கொல்லோ’ என்று மாறிவிடுகிறது. ‘கொல்’ ஐயச்சொல், ‘ஓ’ சேர்ந்தால் கேள்வி: போயிருப்பாளோ? இதற்குப் பிறகு ஒன்பதாம் பாட்டு வரை ஒவ்வொரு பாட்டும் ‘கொல்லோ’ என்றுதான் முடிகிறது. முதல் பாட்டிலேயே வீட்டைப் பற்றிய பேச்சு முடிந்துவிடுகிறது. மீதியில் பெரும்பகுதி மகள் போன இடத்தைப் பற்றியது: அங்கே அவளை எப்படி வரவேற்பார்கள், என்ன வேலை செய்வாள், எப்படி நடத்துவார்கள். சினிமாப் பிரிவுப் பாட்டு உங்களுக்கு உதவாததற்குக் காரணமும் இதுதான். அதில் பாடுகிறவருக்குத் தன் துயரமே பொருள். உங்கள் மனமோ கோவை விடுதியில் இருக்கிறது.

பத்தையும் பாட வேண்டியதில்லை. இரண்டாம் பாட்டு குடிக்கு வந்த ஏச்சைப் பேசுகிறது, மூன்றாவது கல்யாணத் தோரணத்தைப் பேசுகிறது. படிக்கப் போன பெண்ணுக்கு அவை ஒட்டாது. ஒன்று, ஐந்து, எட்டு, ஒன்பது ஆகிய நான்கை எடுங்கள்.

ஐந்தாம் பாட்டில் ஓர் அருமையான இடம் இருக்கிறது. அங்கே நந்தகோபன் என் மகளைப் பார்த்துவிட்டு, ‘இம்மகளைப் பெற்ற தாயர் இனித்தரியார்’ என்று சொல்வானோ என்கிறாள். அதாவது, இவளைப் பெற்றவள் இனி எப்படித் தாங்குவாள் என்று அந்த ஊரிலும் ஒருவர் நம்மை நினைக்க மாட்டாரா என்ற ஏக்கம். எட்டாம் பாட்டின் கடைசி அடி ‘கடைகயிறே பற்றி வாங்கிக் கைதழும் பேறிடுங் கொல்லோ’. மத்துக் கயிற்றை இழுத்து இழுத்து அவள் கை காய்த்துப் போகுமோ! விடுதியில் முதல்முறையாக வாளியில் துணி துவைக்கிற பெண்ணின் தாய்க்கு இதற்கு உரை வேண்டுமா? ஒன்பதில் விடிவதற்கு முன் எழுந்து, கண்ணுறங்காமல் இருந்து தயிர் கடைய அவளால் முடியுமோ என்கிறாள். அங்கே கவலை பொறுக்காமல் ‘கொல்லோ’ இரண்டாம் அடியிலேயே வந்துவிடுகிறது. கடைசி அடியில் மறுபடியும் வருகிறது.

இனி பாடும் முறை. ஒவ்வோர் அடியும் மூன்று சீர், மூன்று சீராக இரண்டு துண்டாக உடையும்: ‘நல்லதோர் தாமரைப் பொய்கை’ என்று பாடி மூச்சு எடுங்கள், பிறகு ‘நாண்மலர் மேல்பனி சோர’. இந்த இடத்தில் மூச்சு எடுக்காமல் அடி முழுவதையும் ஒரே மூச்சில் இழுத்தால் மூன்றாம் அடியில் தொண்டை அடைக்கும். அழுகை வந்துவிட்டது என்று நினைப்பீர்கள், பாதி காரணம் மூச்சுப் போதாமைதான். ராகம் தேட வேண்டாம். மகளுக்கு நீங்கள் பாடிய தாலாட்டு மெட்டு ஒன்று உங்கள் வாயில் இருக்குமே, அதிலேயே சொற்களை வைத்துப் பாருங்கள். பொருந்தாவிட்டால் மூன்று நான்கு சுரத்துக்குள் பேச்சுப் போலச் சொன்னால் போதும். முகாரி தெரிந்தவர்கள் அதற்குப் போகாதீர்கள். அந்த ராகம் எல்லாவற்றையும் ‘ஆலோ’ ஆக்கிவிடும்.

முக்கியமான பிழை ஒன்று உண்டு. ‘கொல்லோ’வில் குரலைக் கீழே இறக்கிவிடுவார்கள். இறக்கினால் அது ஒப்பாரி. கேள்வி கேட்கும்போது குரல் எப்படி மேலே நிற்குமோ அப்படி ‘லோ’வை நிறுத்தி, நீட்டாமல் வெட்டிவிடுங்கள். சரியாகப் பாடினீர்களா என்று அறிவது எளிது. பாட்டு முடிந்ததும் மகளிடம் கேட்க ஏதோ ஒன்று நாக்கு நுனியில் நிற்கும். அழுகை மட்டும் மிஞ்சினால் குரல் இறங்கியிருக்கிறது என்று அர்த்தம்.

இன்னொரு பிழை, நான்காம் பாட்டை மட்டும் பாடி நிறுத்துவது. ‘ஒருமகள் தன்னை உடையேன்’ என்று தொடங்கும் அந்தப் பாட்டுத்தான் ஊரெல்லாம் தெரிந்தது. அதிலும் முதல் இரண்டு அடி பாடி, ‘செங்கண்மால் தான்கொண்டு போனான்’ என்ற இடத்தில் உடைந்து நிற்பார்கள். அடுத்த இரண்டு அடியில் யசோதை மருமகளைக் கண்டு மகிழ்ந்து சீர் செய்வாளோ என்று தாய் கேட்பது காதில் விழாமலே போய்விடும். பாடுவதானால் நான்கு அடியும் பாடுங்கள்.

நான்கு பாட்டு நிதானமாகப் பாடினால் ஐந்து நிமிடத்துக்குள் முடியும். ஆறு மணிக்குத்தானே முடியவில்லை என்கிறீர்கள்? விளக்கேற்றிய கையோடு அப்போதே பாடுங்கள், படுக்கப் போகும் நேரத்துக்குத் தள்ளாதீர்கள்.

மகனை அனுப்பிவிட்டு இருப்பவர்களுக்கு அதே மூன்றாம் பத்தில் இரண்டாம் திருமொழி இருக்கிறது. கண்ணனைக் கன்று மேய்க்க அனுப்பிவிட்டு யசோதை, ‘என்செயப் பிள்ளையைப் போக்கினேன் எல்லே பாவமே’ என்று தன்னையே நொந்துகொள்கிறாள். குடையும் செருப்பும் கொடுக்காமல் அனுப்பிவிட்டேனே என்று ஒரு பாட்டு முழுக்க வருத்தம். ஆனால் இதைத் தனியாகப் பாடக் கூடாது. அடுத்த திருமொழியில் பிள்ளை வீடு திரும்பிவிடுகிறான். அதன் இரண்டாம் பாட்டில், காலையிலேயே ஊட்டி உன்னைக் கன்று மேய்க்க அனுப்பினேனே, ‘என்னின் மனம்வலி யாளொரு பெண்ணில்லை, என்குட்டனே முத்தம் தா’ என்கிறாள். என்னைப் போல் கல்மனசுக்காரி வேறு யாரும் இல்லை என்று அவனிடமே சொல்லிவிட்டு முத்தம் கேட்கிறாள். அவள் பிள்ளை அன்று சாயந்திரமே வந்துவிட்டான், உங்கள் பிள்ளை தீபாவளிக்குத்தான் வருவான். அதற்காக இந்தப் பாட்டை அதுவரை எடுத்து வைக்காதீர்கள். முந்தையதைப் பாடிய அதே மூச்சில் இதையும் பாடிவிடுங்கள்.