மெயிலின் கடைசி இரண்டு வரி: கேள்வி பதில்

ஹட்டன் பக்கத் தோட்டமொன்றில் கிளாக்கராக இருக்கும் தங்கை: அக்கா, கொழும்பு தேயிலை புரோக்கருக்கு ‘டியர் சேர்’ என்று தொடங்கி ‘யுவர்ஸ் சின்சியர்லி’ என்று முடித்தேன். பெரியதுரை அதை வெட்டிவிட்டார். ஏன்?

அவர் வெட்டியது சரிதான். பெயரில்லாமல் ‘டியர் சேர்’ என்றால் முடிவு ‘யுவர்ஸ் ஃபெய்த்ஃபுலி’. பெயர் சொல்லித் தொடங்கினால்தான் ‘சின்சியர்லி’. இது பிரித்தானிய வழக்கம், நம் கந்தோர்களிலும் அதுதான் ஓடுகிறது.

ஆனால் கடைசி வரை அதையே போட வேண்டியதில்லை. தேயிலை சாம்பிள் அனுப்பிய முதல் மெயிலுக்கு ‘ஃபெய்த்ஃபுலி’. அவர் தன் பெயரையும் ‘கைண்ட் ரிகார்ட்ஸ்’ என்றும் போட்டுப் பதில் எழுதினால், அடுத்ததில் நீங்களும் ‘டியர் மிஸ்டர்’ என்று பெயர் போட்டு ‘கைண்ட் ரிகார்ட்ஸ்’ என்றே முடியுங்கள். அவர் ஒரு படி இறங்கிய பிறகு நாமும் இறங்குவது, அவ்வளவுதான்.

கைச்சாத்துக்கு மேலே வரும் வரியையும் கவனியுங்கள். ‘லுக்கிங் ஃபோவர்ட் டு ஹியர்’ என்று நிறையப் பேர் எழுதுகிறார்கள். ‘ஹியரிங்’ என்பதே சரி. அதைவிட, “வியாழனுக்குள் சாம்பிள் கிடைத்ததா என்று சொன்னால் உதவியாக இருக்கும்” என்ற பொருளில் எழுதினால் அவருக்கும் என்ன செய்வதென்று தெரியும். ‘தேங்க்ஸ் இன் அட்வான்ஸ்’ மேலே இருப்பவருக்கு வேண்டாம். அவர் ஒத்துக்கொள்ளும் முன்பே ஒத்துக்கொண்டதாக நாமே முடிவு கட்டியது போல இருக்கும்.

எல்லயில் விடுதி நடத்தும் அண்ணன்: ஏன் இவ்வளவு குழப்பம்? ‘ரிகார்ட்ஸ்’ மட்டும் போட்டால் எல்லாருக்கும் பொருந்துமே.

பாதி சரி, அண்ணே. பல மெயில் போய் வந்த பிறகு பொருந்தும். அறை கேட்டு முதல்தடவை எழுதும் விருந்தாளிக்கு வெறும் ‘ரிகார்ட்ஸ்’ கொஞ்சம் முகம் திருப்பினது மாதிரி. அங்கே ‘வோம் ரிகார்ட்ஸ்’ நல்லது. அதையே வங்கிக்குப் போட்டுவிடாதீர்கள்.

பண்டாரவளை, மரக்கறி மொத்த வியாபாரி: என் மெயிலின் கீழே லோகோவும் ஃபோன் நம்பரும் தானாக வருகிறது. அது போதாதா? தமிழில் என்ன போடுவது?

லோகோ விலாசம் மாதிரி, விடைபெறுவது அதற்கு மேலே தனியாக வர வேண்டும். அந்தத் தானியங்கிப் பகுதிக்குள்ளேயே ‘பெஸ்ட் ரிகார்ட்ஸ்’ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நீங்கள் எழுதுவதோடு சேர்ந்து இரண்டு தடவை போகும். தமிழில் பிரதேச செயலகத்துக்கு ‘தங்கள் உண்மையுள்ள’, பழகின கடைக்காரருக்கு ‘அன்புடன்’.

மறுபடி ஹட்டன் தங்கை: அக்கா, பழகின புரோக்கரோடு நிறைக் கணக்கில் தகராறு. இப்போது ‘ஃபெய்த்ஃபுலி’க்குத் திரும்பவா?

திரும்பினால் கோபம் என்றுதான் படிப்பார். எழுத்தில் பதிவு வேண்டும் என்ற நிலை வந்தால் திரும்பலாம். அதுவரை ‘கைண்ட் ரிகார்ட்ஸ்’ இருக்கட்டும். “வெள்ளிக்குள் திருத்திய கணக்கை அனுப்பவும்” என்ற வரியே கண்டிப்பைக் காட்டும். உங்கள் பெரியதுரை இதை ஒத்துக்கொள்ளாமலும் இருக்கலாம். அவரிடமும் ஒருதடவை கேட்டுவிட்டு அனுப்புங்கள்.