படித்துப் பார்த்தேன், வந்து பார்த்தேன்: ஒற்று எங்கே மிகும்?

“‘படித்துப் பார்த்தேன்’ என்பதில் ப் வருகிறது, ‘வந்து பார்த்தேன்’ என்பதில் ஏன் வரவில்லை? இரண்டும் து-வில்தானே முடிகின்றன?”

கடைசி எழுத்தை விடுங்கள், அதற்கு முன்னால் இருப்பதைப் பாருங்கள். ‘படித்து’ என்பதில் து-வுக்கு முன் த் இருக்கிறது, வல்லின மெய். அப்படி இருந்தால் அடுத்து வரும் க, ச, த, ப இரட்டிக்கும். ‘வந்து’ என்பதில் இருப்பது ந், மெல்லினம், அதனால் இரட்டிக்காது. இலக்கணத்தில் முதலாவது வன்தொடர்க் குற்றியலுகரம், மற்றது மென்தொடர்.

நீங்கள் ஈற்றை மட்டும் பார்த்ததுதான் குழப்பத்துக்குக் காரணமாக இருக்கும். பெரும்பாலானோர் தடுக்குவதும் இங்கேதான்.

எழுதும்போது டு, து, று-வுக்கு முன் ட், த், ற் இருக்கிறதா என்று பாருங்கள். அம்மா சமைத்துக் கொடுத்தார், ஆனால் தோசை செய்து கொடுத்தார் (ய் இடையினம்). கடைக்காரரிடம் கேட்டுச் சொன்னார், வாசலில் நின்று சொன்னார். சரக்கை விற்றுத் தீர்த்தார், துக்கத்தை அழுது தீர்த்தார். ‘அழுது’ என்பதில் து-வுக்கு முன் மெய்யே இல்லை, உயிரொலிதான், அங்கும் மிகாது.

ஒன்று மட்டும் கவனம்: இந்தச் சோதனை உகரத்தில் முடியும் வினையெச்சத்துக்குத்தான். ‘ஓடிப் போனான்’, ‘போய்ப் பார்’ எல்லாம் வேறு கணக்கு. இரண்டு பெயர்ச்சொற்கள் சேரும்போது மென்தொடரும் இரட்டிக்கும்: மருந்துக் கடை, நண்டுக் குழம்பு, பாம்புத் தோல். ‘வந்து’ மாதிரிதானே என்று ‘மருந்து கடை’ என எழுதிவிடாதீர்கள், பல பெயர்ப்பலகைகளில் அப்படித்தான் இருக்கிறது.