சின்ன ஆர்டர்களைச் சேர்த்து ஒரே லோடாக அனுப்பச் சொல்வது எப்படி?

கேள்வி: குமுளியில் பாசனச் சாமான் கடை வைத்திருக்கிறேன். ஏலத்தோட்டத்துக்காரர்கள்தான் வாடிக்கை. வால்வு, பி.வி.சி. ஃபிட்டிங்ஸ், ஓஸ், பம்பு ஸ்பேர் எல்லாம் கோயம்புத்தூரில் ஒரே சப்ளையரிடம் வாங்குகிறேன். மாதம் நாலு தடவையாவது சின்னச் சின்னதாக ஆர்டர் போகிறது, ஒவ்வொன்றுக்கும் தனி லாரி வாடகை. எல்லாவற்றையும் சேர்த்து ஒரே தடவையில் அனுப்பச் சொன்னால் மிச்சமாகுமா? அவர் முகம் சுளிக்காமல் இருக்க எப்படிக் கேட்பது?

பதில்: முதலில் லாரி புக்கிங் ஆபீஸ் கொடுக்கும் எல்.ஆர். ரசீதுகளில் பழையது நாலைந்தை எடுத்து மேஜையில் பரப்புங்கள். எவ்வளவு மிச்சமாகும், அது யாருக்கு மிச்சமாகும் என்பது அதில் இருக்கிறது. அது தெரியாமல் சப்ளையரிடம் பேச்சைத் தொடங்கினால், அவருக்கும் உங்களுக்கும் வெறும் ஊகம்தான் மிஞ்சும்.

பார்சல் சர்வீஸ் வாடகையில் சரக்கோடு சேர்ந்து ஏறுவது ஒரு பாகம், சரக்கு எவ்வளவானாலும் மாறாதது ஒரு பாகம். எல்.ஆர். கட்டணம் மாறாதது. குறைந்தபட்ச எடை என்று ஒன்று வைத்திருப்பார்கள். அது 50 கிலோ என்றால், 18 கிலோ ஸ்பேர் போட்டாலும் 50 கிலோவுக்குத்தான் பில் வரும். அடுத்து கன அளவு. ஃபிட்டிங்ஸ் பெட்டி எடை குறைவு, இடம் அதிகம். அதனால் ஒரு கன அடிக்கு இத்தனை கிலோ என்று கணக்கிட்டு, தராசு காட்டும் எடை, இந்தக் கணக்கு எடை இரண்டில் எது கூடுதலோ அதற்கு வாடகை போடுவார்கள். அந்த விகிதமும் கிலோ ரேட்டும் சர்வீஸுக்கு சர்வீஸ் மாறும், உங்கள் புக்கிங் ஆபீசில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு மாதத்தைக் கற்பனையாகப் போட்டுப் பார்ப்போம். கிலோவுக்கு 6 ரூபாய், எல்.ஆர். 60 ரூபாய், பொட்டலத்துக்கு ஏற்றுக்கூலி 10 ரூபாய், கன அடிக்கு 10 கிலோ, குறைந்தபட்சம் 50 கிலோ என்று வைத்துக்கொள்வோம். முதல் ஆர்டர் 22 கிலோ வால்வு. பில் 50 கிலோவுக்கு. இரண்டாவது ஃபிட்டிங்ஸ் நாலு பெட்டி, எடை 35 கிலோ, ஆனால் பெட்டிக்கு ஒன்றரை கன அடி என்பதால் பில் 60 கிலோவுக்கு. மூன்றாவது 18 கிலோ ஸ்பேர், அதுவும் 50. நாலாவது ஓஸ் சுருள் மூன்று, 70 கிலோ எடை, அடைக்கும் இடம் 9 கன அடி, எனவே 90. ஆக 145 கிலோ சரக்குக்கு 250 கிலோ வாடகை, 1,500 ரூபாய். எல்.ஆர். நாலுக்கு 240. ஒன்பது பொட்டலத்துக்குக் கூலி 90. கோவையில் குடோனிலிருந்து புக்கிங் ஆபீசுக்கு ஆட்டோ 150 வீதம் 600. குமுளியில் டெலிவரி எடுத்துக் கடைக்குக் கொண்டுவர 200 வீதம் 800. மொத்தம் 3,230 ரூபாய்.

அதே சரக்கு ஒரே எல்.ஆரில் வந்தால், வால்வும் ஸ்பேரும் ஆளுக்கு ஒரு கன அடி என்று வைத்து மொத்தம் 17 கன அடி, 170 கிலோ, 1,020 ரூபாய். எல்.ஆர். 60, கூலி 90. பெரிய வண்டி என்பதால் கோவையில் 250, குமுளியில் 300. மொத்தம் 1,720. மிச்சம் 1,510 ரூபாய்.

அந்த 1,510 எங்கிருந்து வந்தது என்று பிரித்துப் பாருங்கள். லாரி வாடகையில் 480, எல்.ஆரில் 180, இரண்டு முனையிலும் ஆட்டோவில் 850. பாதிக்கு மேல் லாரிக்காரரிடம் மிச்சமானதே இல்லை. உங்கள் கணக்கிலும் இப்படி வந்தால் பேச்சின் போக்கே மாறும். கோவை ஆட்டோவை சப்ளையர் கைக்காசில் கொடுக்கிறாரா, பேக்கிங் ஃபார்வேர்டிங் என்று உங்கள் பில்லில் ஏற்றுகிறாரா என்று பாருங்கள். கைக்காசு என்றால் மிச்சம் அவருக்கு, அதைச் சொல்லியே கேட்கலாம். வாடகை டு-பேயில், அதாவது டெலிவரி எடுக்கும்போது நீங்கள் கட்டும்படி வருகிறது என்றால் லாரி வாடகை மிச்சம் முழுக்க உங்களுக்கு. அவருடைய கடைப் பையன் தினமும் எப்படியும் புக்கிங் ஆபீசுக்கு வேறு பார்சல்களோடு போகிறான் என்றால் அவருக்கு ஆட்டோவில் ஒரு பைசாவும் மிச்சமில்லை. அப்போது நீங்கள் கேட்பது உதவி, அதற்கேற்றபடி கேட்க வேண்டும்.

இனி அவர் பக்கம். ‘சேர்த்து அனுப்புங்கள்’ என்றவுடன் சப்ளையர் மனதில் ஓடுவது வாடகை இல்லை. எடுத்து வைத்த சரக்கு குடோனில் மூன்று வாரம் கிடக்கும், பணம் முடங்கும், கடைசியில் ‘அந்த ரெண்டு பெட்டி வேண்டாம்ணா’ என்று போன் வரும் என்பதுதான். ஆகவே சரக்கைச் சேர்த்து வைக்கும்படி கேட்காதீர்கள், பட்டியலை நீங்கள் சேர்த்து வையுங்கள். கடையில் ஒரு நோட்டில் தேவையை எழுதிக்கொண்டே வந்து, மாதத்தில் இரண்டு குறித்த நாளில் மட்டும் ஒரே பட்டியலாக அனுப்பினால், அவர் பொருள் எதையும் ஒதுக்கி வைக்க வேண்டியதில்லை.

பில் தேதியையும் இதோடு பேசி முடியுங்கள். ஜி.எஸ்.டி. சட்டப்படி சரக்கு கிளம்பும்போது அல்லது அதற்கு முன் பில் போட வேண்டும். சில கடைகளில் ஆர்டர் வந்த அன்றே பில் போட்டுவிடுவார்கள். சரக்கு அங்கே கிடக்க, உங்கள் கடன் நாள் இங்கே ஓடத் தொடங்கிவிடும். சரக்கு உங்கள் கைக்கு வரும்வரை வரிக் கிரெடிட்டும் எடுக்க முடியாது. ஆர்டருக்கு எஸ்டிமேட், அனுப்பும் அன்று ஒரே பில், கடன் நாள் பில் தேதியிலிருந்து என்று கேளுங்கள். பி.வி.சி. விலை ஏறி இறங்கும் சரக்கு. பட்டியல் கொடுத்த நாள் விலையா, அனுப்பும் நாள் விலையா என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் மனக்கசப்பு வருவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

சேர்த்தால் புதிதாக முளைப்பது இ-வே பில், அதாவது சரக்கு வண்டியில் போவதற்கு ஜி.எஸ்.டி. தளத்தில் எடுக்கும் சீட்டு. தமிழ்நாட்டுக்குள் 1 லட்சம் ரூபாய்வரை தேவையில்லை என்பதால் கோவைக் கடைகளுக்கு அந்தத் தொகைதான் மனதில் நிற்கும். குமுளி கேரளம். மாநிலம் தாண்டினால் வரியோடு சேர்த்து 50,000 ரூபாயைத் தாண்டும் சரக்குக்கே இ-வே பில் வேண்டும். இதுவரை 12,000, 15,000 என்று வந்த உங்கள் பில்களுக்கு அது தேவைப்பட்டிருக்காது. நாலும் சேர்ந்து 58,000 ஆனால் தேவை. தூரம் 200 கிலோமீட்டரைத் தாண்டுவதால் அது இரண்டு நாள் செல்லும். கம்பத்திலோ தேனியிலோ லோடு சேரட்டும் என்று பார்சலைக் கிடத்தினால் அந்த இரண்டு நாள் ஓடிவிடும். முடிவதற்கு 8 மணி நேரம் முன்னும் பின்னும்தான் நீட்டிக்க முடியும், அதை டிரான்ஸ்போர்ட்காரரே செய்யலாம். நடுவில் வண்டி மாறினால் புது வண்டி எண்ணையும் ஏற்ற வேண்டும். இ-வே பில்லைத் தவிர்க்க ஒரே ஆர்டரைத் துண்டு பில்களாகப் போடச் சொல்லாதீர்கள். ஒரே நாள், ஒரே பெயர், ஒரே வண்டி என்று சோதனையில் தெரிந்தால் பதில் சொல்லச் சிரமம், சப்ளையரும் சேர்ந்து மாட்டுவார்.

வாட்ஸ்அப்பில் உங்கள் எண்களைப் போட்டு இப்படி அனுப்பலாம்:

“வணக்கம் அண்ணா. போன மாதம் உங்களிடமிருந்து நாலு பார்சல் வந்தது. மொத்தம் 145 கிலோ. 250 கிலோவுக்கு வாடகை போட்டிருக்கிறார்கள். இனி மாதம் 1ஆம் தேதியும் 15ஆம் தேதியும் பட்டியலை ஒரே தடவையாகக் கொடுக்கிறேன், மூன்று நாளில் ஒரே எல்.ஆரில் அனுப்பினால் போதும். கொடுத்த பட்டியலில் எதையும் ரத்து செய்ய மாட்டேன். ஏதாவது ஸ்டாக் இல்லையென்றால் அதற்காக மற்றதை நிறுத்த வேண்டாம், அடுத்த லோடில் வரட்டும். பில் அனுப்பும் அன்றைக்குப் போடுங்கள், 50,000 தாண்டினால் இ-வே பில்லும் வேண்டும். உங்களுக்கு இது தோதுப்படுமா? தேதியை மாற்ற வேண்டுமா? பேக்கிங்கில் கூடுதல் செலவு வருமா? விலை எந்தத் தேதிக்கு வைப்பீர்கள்? உங்கள் யோசனையைச் சொல்லுங்கள்.”

இதில் முக்கியமான வரி, ஸ்டாக் இல்லாததற்காக மற்றதை நிறுத்த வேண்டாம் என்பது. அது இல்லாவிட்டால் ஒரு இரண்டு இன்ச் வால்வுக்காக முழு லோடும் பத்து நாள் நிற்கும். கேள்விகளையும் விட்டுவிடாதீர்கள். அவருடைய குடோனில் எந்த நாள் கூட்டம் குறைவு என்பது அவருக்குத்தான் தெரியும். மாதத் தொடக்கம் வேண்டாம், 5ஆம் தேதியும் 20ஆம் தேதியும் வையுங்கள் என்று அவர் சொன்னால் மறுக்காமல் ஏற்றுக்கொள்ளுங்கள். தேதியை அவரே வைத்தால் அதை அவரே காப்பாற்றுவார்.

பேக்கிங்கில் ஒரு சங்கதி. ஓஸ் சுருளின் நடு ஓட்டை காலியாக வருகிறது. அதில் சாக்கில் கட்டிய வால்வையும் ஸ்பேரையும் வைத்தால் மேலே சொன்ன கணக்கில் 2 கன அடி குறையும். 170 கிலோ 150 ஆகி இன்னொரு 120 ரூபாய் மிச்சம். ஆனால் காஸ்ட் அயர்ன் ஃபிளாஞ்சு போன்ற கூர்முனைச் சாமானை அங்கே வைக்க விடாதீர்கள். மலை ஏறும்போது உராய்ந்து ஓஸை அறுத்துவிடும், தண்ணீர் விட்ட பிறகுதான் ஓட்டை தெரியும். ஃபிட்டிங்ஸ் பெட்டி மேலே, இரும்பு கீழே என்பதைப் பட்டியலிலேயே எழுதுங்கள். டெலிவரி எடுக்கும்போது எல்.ஆரில் உள்ள பொட்டல எண்ணிக்கையைச் சரிபார்த்து, நசுங்கல் இருந்தால் கையெழுத்துக்கு முன்பே டெலிவரி காப்பியில் எழுதிவிடுங்கள். சுத்தமாகக் கையெழுத்துப் போட்ட பிறகு நஷ்டம் கேட்டால் எடுபடுவது சிரமம்.

எல்லாவற்றையும் பட்டியலில் சேர்க்கவும் முடியாது. பம்பு சீல் போனால் தோட்டக்காரர் 15ஆம் தேதிவரை காத்திருக்க மாட்டார், அடுத்த கடைக்குப் போய்விடுவார். சீல், பேரிங், கெப்பாசிட்டர் போன்ற கைக்கு அடங்கும் சாமானை பஸ் பார்சலில் தனியாக வரவழையுங்கள், அல்லது அவற்றை மட்டும் கடையில் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த விற்பனை போனால் வாடகையில் மிச்சம் பிடித்தது அதற்கு ஈடாகாது.

கார்த்திகை, மார்கழியில் தேதியை முன்னுக்குத் தள்ளுங்கள். ஐயப்பன் சீசனில் குமுளி மலைப்பாதையை ஒருவழியாக்கி, ஏறும் வண்டிகளைக் கம்பம்மெட்டு வழியாகத் திருப்புவது வழக்கம். சரக்கு லாரி சுற்றி வரும், நேரம் போகும். கோடைப் பாசனத்துக்கான ஓஸும் ஃபிட்டிங்ஸும் உங்களுக்குத் தேவைப்படுவது அதற்கு அடுத்தபடியாக உடனே. அந்தப் பெரிய லோடை ஐப்பசிக்குள் பட்டியல் போட்டு இறக்கிவிடுவது நல்லது. அது ஒரு டன்னை நெருங்கினால் பார்சல் சர்வீஸை விட்டுவிட்டு, கோவையிலிருந்து நேராகக் கடை வாசலுக்கு ஒரு மினி லாரி வாடகை எவ்வளவு என்றும் சப்ளையரிடமே விசாரித்துப் பாருங்கள்.