இறுகிய போல்ட் – கடிதமும் பதிலும்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

உங்கள் மெக்கானிக் கதையைப் படித்தேன். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அந்தப் பையன் இன்ஜின் ஆயிலை இறக்கத் திறக்கிற ஒரு டிரெய்ன் போல்ட்டோடு அரை நாள் மல்லுக்கட்டுகிறான். என் மகனும் போன மாதம்தான் ஒரு பைக் ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்தான். கேஸ் டார்ச் வைத்துச் சூடு பண்ணினாலோ, போல்ட்டை வேகமாகச் சுற்றிக் கழற்றும் கன் மெஷின் போட்டாலோ பத்து நிமிஷ வேலை, கதைக்காக இழுத்திருக்கிறார் என்கிறான். இன்னொன்று, வேலை சொல்லித்தரும் அந்த மெக்கானிக் அண்ணன் அவனை வண்டிக்கு அடியில் மண்ணில் படுக்க வைப்பதைப் படித்தபோது மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. அது தண்டனைதானே?

சு., ராஜபாளையம்

அன்புள்ள சு.,

தண்டனை இல்லை. அந்தப் பையன் நான்தான். அன்றைக்கு அண்ணன் என்னைப் படுக்கச் சொன்னதால்தான் அந்த இன்ஜின் தப்பித்தது. கதையில் இதை விளக்காமல் விட்டுவிட்டேன். இப்போது சொல்லிவிடுகிறேன்.

பத்தாம் வகுப்பு முடித்த ஜூன் மாதம் அது. காலையில் ஒரு 100 சிசி ஃபோர் ஸ்ட்ரோக் வண்டி ஆயில் மாற்ற வந்தது. "தம்பி, ஆயில இறக்கு" என்று சொல்லிவிட்டு அண்ணன் வேறொரு வண்டிக்குப் போய்விட்டார். டிரெய்ன் போல்ட் இன்ஜினின் அடிவயிற்றில் தலைகீழாக இருக்கும். 17 ஸ்பேனர் சேரும் தலை. நான் வண்டிக்குப் பக்கத்தில் குத்தவைத்து, மேலிருந்து எட்டிப் பார்த்தபடி கையை அடியில் விட்டு ஸ்பேனரை மாட்டினேன். இடப்பக்கம் சுற்றினால் கழலும் என்று தெரியும். மேலிருந்து பார்க்க இடப்பக்கமாகத்தான் சுற்றினேன். அசையவில்லை. இரண்டு கையாலும் இழுத்தேன். ஸ்பேனர் சறுக்கி, முழங்கை ஸ்டாண்டில் இடித்தது.

தப்பு எங்கே என்று உங்களுக்கு இப்போது புரிந்திருக்கும். போல்ட்டின் தலை தரையைப் பார்த்து இருக்கிறது. தலைக்கு நேர் எதிரே கண்ணை வைத்துப் பார்த்தால்தான் இடப்பக்கம் என்பது கழற்றும் பக்கம். மேலிருந்து பார்ப்பவனுக்கு எல்லாம் தலைகீழ். நான் கழற்றவில்லை, இறுக்கிக்கொண்டிருந்தேன். அடியில் இருக்கிற போல்ட்டுகளில் மரை போவதற்கு இது ஒரு பெரிய காரணம். பல வருஷம் வேலை பார்த்தவர்கள்கூட அவசரத்தில் இந்தத் தப்பைச் செய்து பார்த்திருக்கிறேன்.

சத்தம் கேட்டு அண்ணன் வந்தார். திட்டவில்லை. ஒரு சாக்கை விரித்தார். "படு. படுத்துக்கிட்டு அதோட மூஞ்சியப் பாரு. இப்ப எந்தப் பக்கம் சுத்தணும்னு காத்துல சுத்திக் காட்டு" என்றார். படுத்துப் பார்த்துக் கையைச் சுற்றிக் காட்டினேன். அதுவரை நான் இழுத்ததற்கு நேர் எதிர்ப்பக்கம். எனக்குக் கன்னமெல்லாம் சூடாகிவிட்டது. அவர் ஒன்றும் சொல்லாமல் டார்ச்சை அடித்து போல்ட்டைப் பார்த்தார்.

மூலைகளில் இரண்டு மழுங்கி, வெள்ளிப் பிறை மாதிரி பளபளத்தன. ஆனால் அறுகோணத் தலையில் ஒவ்வொரு மூலைக்கும் இரண்டு பக்கம் உண்டு. இறுக்கும்போது ஒரு பக்கத்தில் ஸ்பேனர் அழுத்தும், கழற்றும்போது அடுத்த பக்கத்தில் அழுத்தும். நான் கெடுத்தது இறுக்கும் பக்கத்தை. கழற்றும் பக்கம் கூராகவே இருந்தது. "தப்பிச்ச" என்று மட்டும் சொன்னார். போல்ட்டைச் சொன்னாரா, என்னைச் சொன்னாரா தெரியவில்லை.

அப்புறம் ஆரம்பித்தது அந்த அரை நாள். முதலில் ஸ்பேனரை வாங்கி வைத்துவிட்டு, ஒரு கம்பி பிரஷ்ஷும் மண்ணெண்ணெயும் கொடுத்தார். தலையைச் சுற்றி மண்ணும் ஆயிலும் சேர்ந்து கெட்டித்திருந்தது. அது இருக்கும்வரை எந்த ஸ்பேனரும் அடிவரை உட்காராது, மேல்பாதியை மட்டும் கவ்வும், திரும்பவும் சறுக்கும். சுரண்டி முடிக்க இருபது நிமிஷம். மழுங்கிய மூலைகளில் நீட்டிக்கொண்டிருந்த பிசிறை ஒரு சின்ன அரத்தால் நீவச் சொன்னார். இரண்டு பக்கமும் திறந்த ஸ்பேனருக்குப் பதிலாக ஆறு மூலை சாக்கெட்டை எடுத்துக் கொடுத்தார். திறந்த ஸ்பேனர் இரண்டு முகத்தைத்தான் பிடிக்கும், இது ஆறையும் பிடிக்கும்.

மாட்டியதும் இழுக்கப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டார். "எங்க புடிச்சிருக்குன்னு தெரியாம இழுக்கக் கூடாது."

இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல ஆசை, ஏனென்றால் உங்கள் மகனுக்கு இதுதான் தேவைப்படும். டிரெய்ன் போல்ட்டின் மரை உள்ளே எப்போதும் ஆயிலில் நனைந்துதான் கிடக்கிறது. அங்கே துரு பிடிக்க வழி குறைவு. பிடிப்பது பெரும்பாலும் வெளியே, தலைக்கும் இன்ஜினின் வெளிக்கூடான கேஸுக்கும் நடுவில் இருக்கிற வாஷரில். போல்ட் இரும்பு, கேஸ் அலுமினியம். இரண்டும் ஒட்டி இருக்கிற இடத்தில் மழைத்தண்ணியும் சேறும் வருஷக்கணக்கில் இறங்கினால் அலுமினியம் அரித்து, சுண்ணாம்பு மாதிரி ஒரு வெள்ளைப் பொடியாகி, சந்து முழுவதையும் அடைத்துவிடும். இதற்கு மேல் யாராவது ஸ்பேனரில் பைப் மாட்டி இறுக்கியிருந்தால் கேட்கவே வேண்டாம். இந்த அளவு போல்ட்டுக்கு 25 நியூட்டன் மீட்டர் சுமாருக்கு இறுக்கினால் போதும். 20 சென்டிமீட்டர் ஸ்பேனரில் அது பன்னிரண்டு பதின்மூன்று கிலோ இழுப்பு. அதே இழுப்பை 60 சென்டிமீட்டர் பைப்பில் கொடுத்தால் மூன்று மடங்கு இறுகும். கழற்றுவதற்கு நானும் பைப்தான் தேடினேன். பைப் மாட்டியதும் கைக்கு எதுவும் தெரியாமல் போய்விடும். போல்ட் திரும்புகிறதா, மரை பிடுங்கிக்கொண்டு வருகிறதா என்று சொல்ல முடியாது.

பிடித்திருப்பது வாஷரில் என்றால் மருந்தும் அங்கேதான் போக வேண்டும். டீசலும் மண்ணெண்ணெயும் கலந்து, பனியன் வேஸ்ட்டை நனைத்து, போல்ட் தலையைச் சுற்றிக் கம்பியால் கட்டினார். தலைகீழாக இருக்கிற போல்ட்டில் ஊற்றினால் சொட்டிப் போய்விடும். நனைந்த துணி ஒட்டியே இருந்தால் சந்து தானாக உறிஞ்சிக்கொள்ளும். ஆனால் அது ஊறும் வேகத்தில்தான் ஊறும். "டீ வாங்கிட்டு வா. வந்து அந்த வண்டியோட செயினக் கழுவு" என்றார். அரை மணிக்கு ஒருமுறை துணியை எடுத்துவிட்டு, ஒரு பித்தளை ராடைத் தலையின் நடுவில் நேராக வைத்து, சுத்தியலால் பத்துப் பதினைந்து தட்டு. கதவைத் தட்டுகிற அளவு பலம்தான், அதற்கு மேல் அடித்தால் கேஸ் விரிசல் விடும். அந்த அதிர்வில் வெள்ளைப் பொடியில் விரிசல் விழும், விரிசலில் மருந்து இறங்கும். திரும்பத் துணி, திரும்பச் செயின்.

நான் மூன்று தடவை "இப்ப இழுக்கட்டுமாண்ணே" என்று கேட்டேன். மூன்றாவது தடவை அவர் ஒரு சாக்பீஸை எடுத்து, போல்ட் தலையிலிருந்து கேஸ் வரைக்கும் ஒரே கோடாக இழுத்தார். "உன் கை பொய் சொல்லும். கோடு சொல்லாது. கோடு உடைஞ்சா போல்ட் திரும்புது. கோடு உடையாம கை மட்டும் நகர்ந்தா சாக்கெட்டு சறுக்குது, அந்த நிமிஷமே விட்டுடு."

பதினோரு மணி வாக்கில் துணியை எடுத்து எல்லாவற்றையும் நன்றாகத் துடைத்தோம். ஆயில் அளவைப் பார்த்துவிட்டு வண்டியை ஐந்து நிமிஷம் ஓடவிட்டார். அலுமினியம் சூட்டில் இரும்பைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். இன்ஜின் சூடானால் ஓட்டை போல்ட்டைவிடக் கொஞ்சம் அதிகமாக அகலும். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூட வராது, ஆனால் பிடி தளர அது உதவும்.

கேஸ் டார்ச் இதைத்தானே செய்கிறது என்று உங்கள் மகன் கேட்பார். இன்ஜினை ஓட்டினால் எல்லாம் சேர்ந்து மெதுவாகச் சூடேறும். டார்ச் ஒரே இடத்தைச் சுடும். அலுமினியம் இரும்பு மாதிரி சிவந்து எச்சரிக்காது, சூடு மிஞ்சினால் அப்படியே இறங்கிவிடும். பக்கத்தில் ஆயில் சீல், கேஸ்கட் இருக்கின்றன, உள்ளே ஆயில், மேலே பெட்ரோல் டேங்க். வெளியே மண்ணெண்ணெய் வேறு ஊறியிருக்கிறது. கன் விஷயத்தில் அவ்வளவு கறாராகச் சொல்ல மாட்டேன். லாரி வீல் நட்டுக்கு அது கை மாதிரி. குறைந்த வேகத்தில் வைத்து அளந்து போடுகிற நல்ல மெக்கானிக்குகளும் இருக்கிறார்கள். ஆனால் அலுமினியத்தில் பிடித்துக்கொண்ட போல்ட்டில் கன் போட்டால், மரை உரிகிற அந்த முதல் நொடி யாருக்கும் தெரியாது. மரை போனால் ஓட்டையைப் பெரிதாக்கி உள்மரை ஸ்பிரிங் போட வேண்டும், அதுவும் நிற்கவில்லை என்றால் கேஸே மாற்ற வேண்டும். பத்து நிமிஷ வேலையில் மிச்சமாகிற நேரம் அங்கே போய்விடும்.

சரி, வண்டியை நிறுத்தினோம். நான் படுத்தேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். வெட்டி இழுக்காமல் மெதுவாகப் பாரத்தைக் கூட்டிக்கொண்டே போகச் சொன்னார். முதலில் ஸ்பிரிங் மாதிரி ஒரு வளைவு கையில் தெரிந்தது. கோடு உடையவில்லை. விட்டேன். தட்டினோம். மறுபடி. அந்த முறை "கிரீச்" என்று ஒரு சத்தம், சாக்பீஸ் கோட்டில் ஒரு மயிரளவு பிளவு. நான் சந்தோஷத்தில் அப்படியே சுற்றப் போனேன். "நில்லு. கால் சுத்து திற, அரைக்கால் மூடு." வெளியே வருகிற மரையில் அரித்த பொடி ஒட்டியிருக்கும், ஒரே மூச்சில் இழுத்தால் அது மரையை அறுத்துக்கொண்டு வரும். திறந்து மூடித் திறந்து மூடி, ஆயில் தட்டில் விழும்போது மணி பன்னிரண்டே முக்கால்.

வாஷர் கேஸோடு ஒட்டியே இருந்தது. நகத்தால் நெம்பி எடுத்தார். ஒரு பக்கம் காகிதம் மாதிரி நசுங்கி, மறுபக்கம் தடிமனாக, நடுவில் பழைய கேஸ்கட் பசை. முன்னால் ஆயில் கசிந்திருக்கிறது, வாஷரை மாற்றாமல் பசை போட்டு பைப் வைத்து இறுக்கியிருக்கிறார்கள். அன்றைக்கு எட்டணா ஒரு ரூபாய்க்குக் கிடைத்த வாஷர்.

புது போல்ட்டும் புது வாஷரும் கொடுத்து என்னையே மாட்டச் சொன்னார். ஸ்பேனரைத் தரவில்லை. விரலால் ஏற்று, திரும்ப இறக்கு, எங்கேயாவது உரசுகிறதா பார் என்றார். முதல் முறை மூன்றாவது சுற்றில் கொஞ்சம் உரசியது. இறக்கித் துடைத்தேன். இரண்டாம் முறை குறைந்தது. மூன்றாம் முறை விரலாலேயே ஏழு சுற்றும் போய், வாஷரைத் தொட்டு நின்றது. அப்புறம்தான் ஸ்பேனரைக் கையில் கொடுத்தார்.