ஆர்என்ஏ தானே மடிந்து ஜீனை நிறுத்தும் விதம்

கேள்வி: புரதம் எதுவும் வந்து ஒட்டாமலே ஒரு பாக்டீரியா தன் ஜீனை எப்படி நிறுத்துகிறது?

பேசிலஸ் சப்டிலிஸ் என்ற மண் பாக்டீரியாவின் எக்ஸ்பிடி ஜீனைப் பாருங்கள். குவானின் போன்ற பியூரின்களை மறுபயன்பாட்டுக்கு எடுக்கும் நொதி ஒன்றின் ஜீன் அது. அதன் தூது ஆர்என்ஏ உருவாகும்போது முன்பகுதிதான் முதலில் வெளியே வரும். வந்ததும் மடிந்து ஒரு குழியாகிறது. இப்படித் தானே மடிந்து ஜீனை நிறுத்தும் ஆர்என்ஏ பகுதிக்கு ரிபோஸ்விட்ச் என்று பெயர். செல்லில் குவானின் போதுமான அளவு இருந்தால், ஒரு மூலக்கூறு அந்தக் குழிக்குள் உட்கார்ந்து மடிப்பை இறுக்கிவிடும். அதனால் அடுத்து வரும் இழை கொண்டை ஊசி போல வளைகிறது. அதை ஒட்டி யுராசில்கள் வரிசையாக வருவதால், நகலெடுக்கும் நொதியான பாலிமரேஸின் பிடி தளர்ந்து, ஜீனைத் தொடும் முன்பே நகலெடுப்பு நின்றுவிடுகிறது. குவானின் இல்லாவிட்டால் அதே இழை வேறு விதமாக இணையும். கொண்டை ஊசி உருவாகாது, நகலெடுப்பு தொடரும். பாலிமரேஸ் அந்த இடத்தைத் தாண்டிய பிறகு குவானின் வந்து பயனில்லை.

குவானினை அடையாளம் காண்பது அந்தக் குழியில் 74ஆம் இடத்துச் சைட்டோசின். அந்த ஒரே எழுத்தை யுராசிலாக மாற்றினால் குழி அடினினைப் பிடிக்கிறது! எனக்கு மிகவும் பிடித்த சான்று இதுதான்.

சிறு ஆர்என்ஏக்கள் வேறு வகை. ஈ.கோலையில் இரும்பு குறைந்தால் உருவாகும் ரைஹெச்பி, இரும்பு தேவைப்படும் புரதங்களின் தூது ஆர்என்ஏக்களோடு இணைந்து அவற்றை அழிவுக்கு அனுப்புகிறது. ஆனால் அதற்கு ஹெச்எஃப்க்யூ என்ற புரதத்தின் துணை வேண்டும். ஆகவே ‘புரதமே இல்லாமல்’ என்பது ரிபோஸ்விட்சுக்குத்தான் கச்சிதமாகப் பொருந்தும்.